கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது. நீற்றியதில் தவறா, அடித்ததில் தவறா?

இரண்டுமே இருக்கலாம். முதலில் சுண்ணாம்பைப் பாருங்கள்.

கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். நன்றாக வெந்தது கைக்கு லேசாக இருக்கும், உடைத்தால் உள்ளேயும் வெள்ளை. கனமாக இருந்தால் வேகவில்லை, எடுத்துப் போட்டுவிடுங்கள். வெந்ததையும் திறந்த மூட்டையில் விட்டுவைத்தால் காற்று ஈரத்தில் தானே நீறி, மெல்ல மெல்லக் கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பார்வைக்கு நல்ல சுண்ணாம்பு மாதிரியே இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது. நீறிய பொடியைத் தண்ணீரில் குழைத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நன்றாக நுரைத்தால் அது வீண். எவ்வளவு பசை சேர்த்தாலும் தேறாது.

நீற்றுவதற்கு இரும்பு டிரம் நல்லது, அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் கிட்டே போகவே வேண்டாம். கொதி அடங்கியதும் கிளறி, வடிகட்டி, விழுதுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். வெள்ளையடிக்கச் சில நாள் ஊறினால் போதும். சாந்துப் பூச்சுக்கு ஒரு மாதமாவது ஊறட்டும். நீறாத குருணை பூச்சுக்குள் போய் நீறினால் உப்பிக்கொண்டு வெடித்து, சுவரில் சின்னச் சின்னக் குழி விழும்.

சரி, இனி அடிப்பது. சுண்ணாம்பு ஈரம் இருக்கும்போதுதான் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து இறுகும். காய்ந்த சுவரிலோ உச்சி வெயிலிலோ அடித்தால் தண்ணீர் உடனே போய், இறுகாத பொடி நிற்கும். உங்கள் கையில் ஒட்டுவது பெரும்பாலும் இதுதான். அதனால் பழைய பொடியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, சுவரை நன்றாக நனையுங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. விழுதைப் பால் பதத்துக்குக் கரைத்து, அடிக்கடி கலக்கிக்கொண்டே மெல்லிசாக அடியுங்கள். அடித்தவுடன் சுவர் அப்படியே தெரியும். வெள்ளை வரவில்லையே என்று கெட்டியாக்கிவிடாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு நாள் விட்டு, லேசாக நனைத்து அடுத்த கை. மூன்று கை மெல்லிசாக அடித்தது, ஒரு கை தடிப்பாக அடித்ததைவிட நன்றாக நிற்கும்.

அடிச்சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறதென்றால் அது வேறு சங்கதி. உப்பை உலர்வாகத் தட்டியெடுத்து, ஈரம் ஏறும் வழியை முதலில் அடைக்க வேண்டும். அதை மறைக்க எமல்ஷன் மட்டும் அடிக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு பெயர்ந்து வரும், எமல்ஷன் மேல் திரும்பச் சுண்ணாம்பும் பிடிக்காது.