கரும்பு வெட்டுதலும் பள்ளிப் பதிவேடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படிப்பு இலவசம், மதிய உணவு உண்டு, சட்டமும் இருக்கிறது. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ விட்டுவிட்டுப் போகலாமே? ஏன் கூட்டிப் போகிறார்கள்? பெற்றோரின் அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியில்லை என்றால் விளக்குங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

முன்பணத்தின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை கூடப் போவதற்கான காரணம் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

பீட் மானாவாரி மாவட்டம். மழைக்காலப் பயிரை எடுத்த பிறகு அங்கே சிறு விவசாயிக்கும் நிலமற்றவருக்கும் வேலை இல்லை. கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா பக்கத்துச் சர்க்கரை ஆலைகள் அரவையைத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். அக்டோபர், நவம்பரில் புறப்படுகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் திரும்புகிறார்கள். சிலர் எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் பெலகாவி வரை போகிறார்கள். புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே முகாதம் என்கிற மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுகிறார். அது தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்த்தா, அதாவது ஓர் அரிவாள். அந்த ஜோடிக்குத்தான் பணம்.

ஒரு ஜோடி ஒரு லட்சம் ரூபாய் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் உயர்த்தப்பட்ட பிறகு வெட்டுக்கூலி டன்னுக்கு ஏறத்தாழ 366 ரூபாய். நாளுக்கு இரண்டு டன் வெட்டினால் 732 ரூபாய், கடன் அடைய 137 நாள் ஆகும். பருவம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். நாளுக்கு ஒன்றரை டன்தான் வெட்ட முடிந்தது என்றால் 549 ரூபாய், 183 நாள் வேண்டும். அத்தனை நாள் ஆலை ஓடாது. மீதி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். சாப்பாட்டுச் செலவுக்கு வாரந்தோறும் வாங்கும் பணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஆகவே அந்த அரை டன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணவன் கரும்பை அடியில் வெட்டிப் போடுகிறான். சோகை உரிப்பது, கட்டுக் கட்டுவது, தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவது எல்லாம் பெரும்பாலும் பெண்ணின் வேலை. விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடாரத்தில் கைக்குழந்தை அழுதாலோ, தண்ணீர் பிடித்து வரப் போனாலோ, உலை வைக்க உட்கார்ந்தாலோ கட்டு எண்ணிக்கை குறையும். எட்டு ஒன்பது வயதுப் பெண் கூட இருந்தால் குறையாது. அவள் பெயர் கூலிப் பட்டியலில் இல்லை, அரிவாளையும் அவள் தொடுவதில்லை. ஆனாலும் அந்த அரை டன் அவளுடையது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையைத் தொழிலாளர் கணக்கெடுப்புகள் பொதுவாகக் குழந்தைத் தொழிலாளியாகப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

இனி நீங்கள் நன்கு அறிந்த பள்ளிப் பதிவேட்டுக்கு வருகிறேன். மராட்டியத்தில் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கைக்கு வெகுகாலமாகச் செப்டம்பர் 30-ஆம் தேதிதான் கணக்கு நாள். அன்று பீட் கிராமத்துப் பள்ளியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, எண்ணப்படுகிறது. சில வாரங்களில் போய்விடுகிறது. பெயர் அடிக்கப்படாததால் இடைநின்றவர் பட்டியலிலும் வருவதில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் நிலைமை நேர்மாறு. அங்கேயும் கணக்கு முடிந்த பிறகுதான் பிள்ளை வருகிறது. அதற்கான புத்தகமும் இல்லை, கூடுதல் ஆசிரியரும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. சட்டம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கரும்புக் காட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தொலைவு என்பதைச் சட்டம் பார்க்கவில்லை.

இங்கே இன்னொரு வேறுபாடும் முக்கியம். மாட்டுவண்டியோடு வருகிறவர்கள் ஆலையை ஒட்டிக் கூடாரம் போட்டுப் பருவம் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பார்கள். லாரி, டிராக்டர் குழுக்களில் வருகிறவர்கள் ஒரு வயல் முடிந்ததும் அடுத்த ஊர் வயலுக்குப் பெயர்ந்துவிடுவார்கள். ஆலை வளாகங்களில் முன்பு நடந்த சர்க்கரைப் பள்ளிகள் முதல் வகையினரின் பிள்ளைகளுக்கு உதவின. இரண்டாம் வகைப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அதன் மனம் பாடத்தில் பதியும் முன் அது ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கும்.

இதன் விளைவு நீங்கள் நினைப்பதைவிட விபரீதமானது. ஐந்து ஆண்டுகள் இப்படிப் போய்வந்த பிள்ளை இரண்டரை ஆண்டு படித்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது முதல் இரண்டரை ஆண்டுப் பாடமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வகுப்புப் புத்தகத்தின் முன்பாதி மட்டுமே அதற்குத் தெரியும். ஜூனில் தொடங்கியது தீபாவளியோடு அறுந்துவிடும். அடுத்த ஜூனில் மேல்வகுப்பில் உட்காரும்போது, படிக்காத பின்பாதியின் மேல்தான் புதிய பாடம் தொடங்குகிறது. இந்தப் பிள்ளைக்கு மந்த புத்தி என்று ஆசிரியர்கள் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். உங்களைப் போன்றவர்கள் ஜூன் மாதத்தில் அவர்களுக்குக் கடந்த ஆண்டின் பின்பாதியிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அது பெரிய உதவி.

விடுதி பற்றிக் கேட்டீர்கள். மராட்டிய அரசு சொந்த ஊரிலேயே பருவகால விடுதிகளை நடத்துகிறது. பள்ளியில் உணவு, இரவில் தாத்தா பாட்டி வீட்டில் தூக்கம் என்ற ஏற்பாடும் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. இருக்கும் வழிகளில் இதுவே நல்லது. ஆனால் லாரி கிளம்பும் நாளுக்கு முன் விடுதி திறந்திருக்க வேண்டும். ஒப்புதலும் பணமும் டிசம்பரில் வந்தால் யாரைச் சேர்ப்பது? பன்னிரண்டு பதின்மூன்று வயதான பெண்ணைக் கண்பார்வை மங்கிய பாட்டியிடம் விட்டுப்போகத் தாய்க்குத் துணிவு வருவதில்லை. அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் திருமணம் செய்துவைத்து விடுவதும் நடக்கிறது. புது ஜோடி என்றால் புதுக் கொய்த்தா, புது முன்பணம்.

ஊரில் மிஞ்சுகிறவர்கள் முதியவர்கள்தான். பூட்டிய வீடுகள், நான்கைந்து பிள்ளைகளோடு நடக்கும் வகுப்பு, களையெடுக்க ஆளில்லாத சோளக்காடு. உழைத்த பணமாவது ஊருக்கு வருகிறதா என்றால், மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் கிளம்பும் முன்பே அது செலவாகியிருக்கும். உள்ளூரில் அரசு தரும் ஊரக வேலையின் கூலி, வேலை முடிந்த பிறகு, பல வாரம் கழித்து வருகிறது. முகாதத்தின் பணமோ வேலைக்குப் பல மாதம் முன்பே கைக்கு வந்துவிடுகிறது. அவசரத் தேவையில் இருக்கும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. விடுதிகளின் ஒப்புதல் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். ஆலைகள் இருக்கும் வட்டங்களில் ஜனவரியில் இன்னொரு முறை பிள்ளைகளை எண்ண வேண்டும். கூடாரங்களுக்கே போய், கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். அங்கே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தால் அக்காவை விடுவிக்கலாம்.

அன்புடன்