வழுவழுப்புக்கு ஒரு பதில்

*ராத்திரி படுக்கும்போது வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் குடித்தால் குடல் வழுவழுப்பாகி, காலையில் சிரமமில்லாமல் போகும் என்கிறார்களே, நிஜமா?*
*— வாசகி, அம்பாசமுத்திரம்*

வழுவழுப்பா! நெய்க்கு அந்தச் சக்தி இருந்தால் திருநெல்வேலிக்காரனுக்கு மலச்சிக்கல் என்ற சொல்லே தெரிந்திருக்கக் கூடாது. சாயங்காலம் ரத வீதியில் நின்று, சுடச்சுட அல்வாவை வாயில் போட்டு, முழங்கை வரை வழிகிற நெய்யை வேட்டியில் படாமல் துடைக்கிற கூட்டம் முழுக்க மறுநாள் விடியலில் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியிருக்க வேண்டும். என் அனுபவத்தில் அப்படி இல்லை. அல்வா சாப்பிட்டு மூன்று நாள் முழித்த அண்ணாச்சிகளை எனக்குத் தெரியும்.

கிணற்று உருளைக்கு எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கிறது, ஏனென்றால் எண்ணெய் அங்கேயே இருக்கிறது. வயிற்றுக்குள் அப்படி இருக்காது. ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 5 கிராம் கொழுப்பு. பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து அதைச் சிறுகுடலிலேயே கரைத்துவிட, குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் கட்டிப்படுகிற பெருங்குடலுக்கு மிச்சம் என்று பெரிதாக எதுவும் வராது. நல்லெண்ணெய்க்கும் இதே கதிதான், மரச்செக்கில் ஆட்டியதானாலும் (மரச்செக்கு விளம்பரக்காரர்களோடு எனக்குப் பழைய பகை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்). பாரபின் எண்ணெய் வழுக்க வைக்கும், உடம்பால் அதைச் செரிக்க முடியாது என்பதால். விளக்கெண்ணெய் குடலைச் சீண்டிவிட்டு வேலை வாங்கும்.

அப்புறம் ஏன் சிலருக்குக் கேட்கிறது? எங்கள் சித்தப்பா ஒருவர் ஒரு மாதம் நெய்ப்பால் குடித்து, நல்ல பலன் என்று ஊரெல்லாம் சொன்னார். ஒரு வாரம் நெய் விடாமல் குடிங்க என்றேன். பலன் அப்படியே. அடுத்த வாரம் பாலுக்குப் பதில் வெந்நீரில் நெய் விட்டுக் குடித்தார், பழைய சிக்கல் திரும்பிவிட்டது. ஆக வேலை பார்த்தது பால். ஒரு டம்ளர் பாலில் 10 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு அதைச் செரிக்கிற நொதி குறைந்திருக்கும். செரிக்காதது பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்து, புளித்து, மலத்தை இளக்கும். ராத்திரி வயிறு கடமுடா என்றால் இதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மருந்துக்கடையில் விற்கிற லாக்டுலோஸ் சிரப்பும் பால் சர்க்கரையிலிருந்து எடுத்ததுதான், வேலை செய்கிற விதமும் இதேதான். பால் நன்றாகச் செரிக்கிறவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்காது. சில குழந்தைகளுக்குப் பசும்பாலே மலத்தைக் கட்டும்.

இன்னொன்று, பச்சைக்குழந்தைக்கும் விழுங்கும்போது புரையேறுகிற வயசாளிக்கும் எண்ணெயை வாயில் ஊற்றாதீங்க, நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சரி, நீங்கள் இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அதுவே கட்டும். ரத்தம் பட்டாலோ, எடை காரணமில்லாமல் குறைந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.