“வருகிறேன், ஆனால் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும்”: கூட்ட அழைப்புக்கு நிபந்தனையோடு பதில் எழுதுவது பற்றிய கேள்வி பதில்

விடுதிக் காப்பாளர், பாளையங்கோட்டை: அண்ணாச்சி, புதன்கிழமை 3 மணி முதல் 5 மணி வரை கல்லூரிக் குழுக் கூட்டம். அன்று 5 மணிக்கு நான் சேரன்மகாதேவியில் இருந்தாக வேண்டும். “வருகிறேன், கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்” என்று எழுதினால் போதாதா?

போதாதம்மா. கூட்டத்தை நடத்துபவர் “கொஞ்சம் சீக்கிரம்” என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. நீங்கள் எந்த மணிக்கு எழுந்திருப்பீர்கள், அதற்குள் எந்தப் பொருள் முடிய வேண்டும், முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்ற மூன்றும் உங்கள் பதிலில் இருந்தால்தான் அவரால் ஏதாவது செய்ய இயலும்.

நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலையே எடுத்துக்கொள்வோம். முதலாவது, சென்ற கூட்டக் குறிப்பை உறுதிசெய்வது. பத்து நிமிடம் என்று வையுங்கள். இரண்டாவது கணக்கு, இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது நூலகக் கொள்முதல். அதில் பேசுபவர்கள் அதிகம், நாற்பது நிமிடம் ஆகும். உங்கள் விடுதி உணவுக் கட்டணம் நான்காவது. அப்படியானால் அது 4.15க்குத்தான் தொடங்கும், நீங்கள் 4 மணிக்கே வாசலைத் தாண்டியிருப்பீர்கள். மூன்றையும் நான்கையும் மாற்றிப் போடக் கேட்டாலும் 3.35க்குத் தொடங்கி 4 மணிக்குள் மூச்சுவிடாமல் முடிக்க வேண்டியிருக்கும். ஆகவே சென்ற கூட்டக் குறிப்பு முடிந்ததும் உங்கள் பொருளை இரண்டாவதாக எடுக்கக் கேட்பதே சரி. அப்போது அது 3.10க்குத் தொடங்கும், விவாதம் நீண்டாலும் இடம் இருக்கும்.

பதிலை இவ்வாறு எழுதலாம்: “புதன்கிழமைக் கூட்டத்தில் 3 மணி முதல் 4 மணி வரை கலந்துகொள்கிறேன். குடும்பக் காரணத்தால் 4 மணிக்குக் கிளம்ப வேண்டியுள்ளது. நான்காம் பொருளான விடுதி உணவுக் கட்டணம் என் பொறுப்பில் இருப்பதால் அதை இரண்டாவதாக எடுத்துக்கொள்ள இயலுமா எனக் கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், என் குறிப்பைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிடுகிறேன். கட்டணத்தை உயர்த்துவது பற்றிய முடிவை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு வைக்க வேண்டுகிறேன்.” காரணத்துக்கு ஒரு வரி போதும். நம் பக்கத்தில் காரணத்தை அரைப் பக்கம் எழுதிவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசி வரியில் ஒடுக்கிவிடுகிறோம். படிப்பவர் அனுதாபப்படுவார்; பொருளை மாற்றிப் போட மறந்துவிடுவார்.

இதை அழைப்பு வந்த அன்றே அமைப்பாளருக்கு மட்டும் அனுப்புங்கள். வரிசை மாறியதை மற்றவர்களுக்குச் சொல்வது அவர் வேலை. கூட்டத்தன்று காலையில் சொன்னால் “சரி, பார்க்கலாம்” என்பார். ஆனால் கணக்கரை 3.10க்கு வரச் சொல்லியிருப்பார்கள், அதற்குப் பிறகு வரிசையை மாற்றுவது எளிதல்ல.

மென்பொருள் துறையில் பணிபுரிபவர், தென்காசி: நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், எல்லா அழைப்பும் காலண்டரில்தான் வரும். பாதி நேரம்தான் இருப்பேன் என்றால் `Maybe` அழுத்துவதுதானே நேர்மை? `Yes` என்றால் பொய் ஆகிவிடுமே.

வெறும் `Yes` முழு நேரமும் இருப்பீர்கள் என்ற எண்ணத்தைத் தரும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் `Maybe` அதைவிடத் தவறான செய்தியைச் சொல்கிறது. வருவதா இல்லையா என்றே நீங்கள் முடிவு செய்யவில்லை என்று அமைப்பாளர் அதைப் படிப்பார். உங்கள் பொருளுக்கு வேறொருவரைத் தேடத் தொடங்கிவிடுவார். வருவது உறுதி, நேரம்தான் குறைவு என்பது உங்கள் நிலை. அதற்கென்று ஒரு பொத்தான் கிடையாது; வழக்கமாக ஏற்பு, ஐயம், மறுப்பு என்ற மூன்றுதான் உண்டு. ஆகவே ஏற்பை அழுத்தி, குறிப்பில் நிபந்தனையை எழுத வேண்டும். கூகுள் காலண்டரில் `Yes` தந்து உடன் குறிப்புச் சேர்க்கலாம். அவுட்லுக்கில் `Accept` அழுத்தும்போது `Edit the Response before Sending` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத இடம் கிடைக்கும்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அமைப்பாளர் பதில் கேட்காமலே அழைப்பை அனுப்பியிருந்தால் உங்கள் குறிப்பு அவரைச் சென்று சேராமல் போகலாம். அப்போது தனி மின்னஞ்சலே வழி. கூட்ட நேரத்தை அவர் மாற்றினால் புதிய அழைப்புக்கு மீண்டும் பதில் தர நேரும். பழைய குறிப்பை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று நம்பாமல், அதைத் திரும்ப எழுதுங்கள்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இணைவதாக இருந்தால் “4.20க்கு வருகிறேன்” என்று கடிகாரத்தைச் சொல்லாதீர்கள். பொருள் முன்னால் வந்துவிட்டால் நீங்கள் அதைத் தவறவிடுவீர்கள்; பின்னால் போனால் வீணாகக் காத்திருப்பீர்கள். “மூன்றாம் பொருளுக்கு இணைகிறேன்; இரண்டாவது முடியும் தறுவாயில் ஒரு செய்தி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்; 4 மணி முதல் 5 மணி வரை அதற்காக ஒதுக்கியிருக்கிறேன்” என்று எழுதுங்கள். செய்தி அனுப்பப்போவது யார் என்பதையும் பெயரோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் அனுப்புவார் என்று விட்டால் யாரும் அனுப்புவதில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர், அம்பாசமுத்திரம்: எங்கள் போர்டில் ஒன்பது பேர். “கார் நெல் கொள்முதல் பற்றிய பொருளுக்கு மட்டும் வருவேன்” என்று எழுதியிருக்கிறேன். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான தலைக்கணக்கு, நிறைந்துவிடும், அப்புறம் கவலை இல்லை. சரிதானே ஐயா?

பாதிதான் சரி. உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநர் குழுவின் கோரம் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒன்பது பேருக்கு மூன்று. ஆனால் அந்த எண்ணிக்கை கூட்டம் தொடங்கும்போது இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முடிவும் எடுக்கப்படும்போது இருக்க வேண்டும். கையெழுத்து நீங்கள் வந்ததற்குச் சான்று; இருந்துகொண்டே இருந்ததற்குச் சான்று அல்ல.

அன்று நான்கு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். நெல் பொருள் முடிந்ததும் நீங்களும், உங்களைப் போலவே எழுதிய இன்னொருவரும் எழுந்துவிட்டால் மீதம் இருவர். அதற்குப் பிறகு உரக் கொள்முதல், வங்கிக் கடன் என்று அவர்கள் எதைத் தீர்மானித்தாலும் அது நிற்காது. இருவரும் தனித்தனியாக முறைப்படிதான் எழுதியிருப்பீர்கள். இரண்டு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று மோதியதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் பதிலில் ஒரு வரியைச் சேருங்கள்: “நான் கிளம்பிய பிறகு கோரம் குறையுமானால் முன்கூட்டித் தெரிவிக்கவும், மேலும் அரை மணி நேரம் இருக்க முயல்கிறேன்.” இயக்குநர் குழுவில் உங்களுக்குப் பதிலாக மகனையோ அண்டை வயல்காரரையோ அனுப்ப வழியில்லை. கடிதத்தில் கருத்தை எழுதி அனுப்பலாம், அதைப் படிப்பார்கள். ஆனால் அது வாக்காகவோ தலைக்கணக்காகவோ எண்ணப்படாது. போர்டு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு உண்டு. முதல் இரண்டு நாளில் நிபந்தனையைச் சொன்னால் இன்னொருவரை வரச்சொல்லிக் கேட்க அமைப்பாளருக்கு அவகாசம் கிடைக்கும்.

சங்கரன்கோவில் வாசகி: முகூர்த்தத்துக்கு மட்டும் வருவேன், சாப்பாட்டுக்கு இருக்க மாட்டேன் என்று கல்யாண வீட்டில் முன்பே சொல்வது மரியாதைக் குறைவா?

இங்கே பேசுவது முடிவெடுக்கும் கூட்டங்களைப் பற்றி, அக்கா. கல்யாண வீட்டில் உங்கள் கருத்தைக் கேட்டு எதையும் தீர்மானிக்கப் போவதில்லை. பந்தியில் இலைக்கணக்கு மட்டுமே மாறும். வீட்டுப் பெரியவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எழுத வேண்டாம்.

தனியார் அலுவலக ஊழியர், வண்ணாரப்பேட்டை: 4 மணிக்குக் கிளம்புவேன் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் போனேன். நான் போன பிறகு என் பிரிவின் இடத்தையே மாற்றி முடிவு எடுத்துவிட்டார்கள். மினிட்ஸில் நானும் வந்ததாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது சார்?

உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், கிளம்பும் நேரத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனேன். கட்டடப் பழுதுக்கான தொகையை நான் இல்லாதபோது தீர்மானித்தார்கள். குறிப்பில் என் பெயரும் இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டதாகவே பின்னாளில் கணக்குத் தணிக்கையில் கேட்டார்கள். அன்றிலிருந்து, எழும்போது “இப்போது மணி 4, மூன்றாம் பொருளோடு நான் கிளம்புகிறேன், குறிப்பில் பதிந்துகொள்ளுங்கள்” என்று தலைவரைப் பார்த்துச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்தையும் விட்டு வெளியேறியதில்லை.

நீங்கள் உடனே அமைப்பாளருக்கு எழுதி, அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதிசெய்யப்படும்போது “4 மணிக்கு விடைபெற்றார்” என்று திருத்தக் கேளுங்கள். அந்தத் திருத்தம் நியாயமானது, பெரும்பாலும் கிடைக்கும். முடிவை மாற்றுவது வேறு. நீங்கள் கிளம்பப்போவது தெரிந்திருந்தும் உங்கள் பொருளைப் பின்னால் எடுத்தது தவறு என்பது என் எண்ணம். என்னோடு பணியாற்றிய ஒரு நண்பர் இதை ஏற்பதில்லை. தன் பொருள் எப்போது வரும் என்று கேட்காமல் கிளம்பியவர்தான் பொறுப்பு என்பார். அந்தப் பொருள் நிகழ்ச்சி நிரலில் முன்பே அச்சிடப்பட்டிருந்ததா, “இதர பொருள்கள்” என்ற தலைப்பில் கடைசியில் நுழைந்ததா என்று பாருங்கள். பின்னது என்றால் மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு வலுவான காரணம் உண்டு.

இளநிலை உதவியாளர், திருநெல்வேலி: மேலதிகாரி கூட்டும் ஆய்வுக் கூட்டத்துக்கும் இப்படி நிபந்தனை எழுதலாமா?

எழுதக் கூடாது. அது அழைப்பு வடிவில் வரும் உத்தரவு. அங்கே நிபந்தனை என்று எதுவும் இல்லை, அனுமதி மட்டுமே உண்டு. உங்கள் நேரடி அலுவலர் வழியாக, “இன்ன பொருள் முடிந்ததும் செல்ல அனுமதி வேண்டுகிறேன், மீதிக் கேள்விகளுக்குக் கோப்போடு இன்னார் இருப்பார்” என்று கேளுங்கள். அந்த இன்னாருக்குக் கோப்பின் கடைசி மூன்று மாத விவரமாவது தெரிந்திருக்க வேண்டும்.

சங்கச் செயலாளர், வள்ளியூர்: நான் அழைக்கும் இடத்தில் இருப்பவன். 3 மணிக் கூட்டத்துக்கு ஒருவர் 4 மணிக்குப் போவேன் என்கிறார், இன்னொருவர் 4.15க்குத்தான் வருவேன் என்கிறார். ஒரே பொருளுக்கு இருவரும் வேண்டும். யார் நிபந்தனையை ஏற்பது?

இருவரில் எவரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் பொருளைப் பிரித்துப் பாருங்கள். தகவல் சொல்ல வேண்டியவர் 4 மணிக்குப் போகிறவர் என்றால், அவர் 3.30க்குத் தம் விவரத்தைச் சொல்லி, கேள்விகளுக்கும் பதில் தந்துவிட்டுப் போகலாம், 4.15க்கு வருபவரும் மற்றவர்களும் சேர்ந்து பிறகு முடிவெடுக்கலாம். இருவருமே முடிவெடுக்க வேண்டியவர்கள் என்றால் பிரிப்பதால் பயனில்லை. அப்போது இருவருக்கும் தொலைபேசியில் பேசி, யாரால் பதினைந்து நிமிடம் நகர முடியும் என்று கேளுங்கள். இருவராலும் முடியாவிட்டால் அந்தப் பொருளை அன்றைய நிரலிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு முன்பே அனைவருக்கும் அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவசரப் பொருளாக இருந்து, ஒத்திவைக்கவும் இயலாமல் போனால் எப்படிச் செய்வது என்பதற்கு நானே இதுவரை மனநிறைவான வழி கண்டதில்லை. ஒருமுறை கூட்டத்தையே 4.15க்குத் தள்ளினேன், முதலாமவர் அதன்பிறகு என் கூட்டங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.