கரையை அளந்த மாணவிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி ஐரோப்பாவில் கடற்கரைப் பொறியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். பரிந்துரைக் கடிதம் நான்தான் தர வேண்டும். என் வரைவையும் அவளுடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன். வரைவை எந்த மாணவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ளலாம்போல இருக்கிறது. முதல் வருடம் கணக்கில் அவளுக்கு ஒரு அரியர் உண்டு. அப்பா கடலில் இறந்துவிட்டார், அம்மா மீன் விற்கிறார். இதையெல்லாம் எழுதலாமா? ரிப்போர்ட்டில் அவள் ஜூலை மாதக் கடலரிப்பு அளவுகளை நீக்கியிருக்கிறாள். ஊரில் சிலர் அந்த அளவைத்தான் பெரிதாகக் காட்டச் சொன்னார்களாம், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இது கடிதத்தில் போடுகிற விஷயமா என்றும் தெரியவில்லை. எங்கள் துறைத்தலைவர், "அவளையே எழுதிக்கொண்டு வரச் சொல்லி கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். வெளிநாட்டில் சேர்க்கைக் குழுவில் இருந்தவர் நீங்கள். வழி சொல்லுங்கள். இதை வெளியிட அவளுக்குச் சம்மதம், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் வரைவைப் படித்தேன், அப்புறம் ரிப்போர்ட்டை. ரிப்போர்ட்டில் தெரிகிற பெண்ணை வரைவில் காணவில்லை. "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், கற்பதில் ஆர்வமுள்ளவர், எல்லோருடனும் இணக்கமாகப் பழகுபவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட, படிப்பவர் நம்புவதற்கு நீங்கள் காரணம் தரவில்லை.

குழுவில் இருப்பவர் முன்னால் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. மாணவி தன்னைப் பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. அவை சொல்லாத ஒன்றை அறியத்தான் அவர் உங்கள் கடிதத்தைப் பிரிக்கிறார். முதுகலையில் ஆறு மாதம் தனியாக ஓர் ஆய்வை முடிக்க வேண்டியிருக்கும். இந்தப் பெண்ணால் முடியுமா? கணக்கு எதிர்பார்த்தபடி வராதபோது என்ன செய்வாள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் உள்ள கடிதம் அபூர்வமாகத்தான் வரும். உங்களிடம் அந்தப் பதில் இருக்கிறது. போடுகிற விஷயமா என்று நீங்கள் தயங்குகிற அந்த ஜூலை மாதம்தான் அது.

மற்ற வாசகர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடலரிப்பு கடுமையாக இருக்கும். அதைத் தடுக்கப் பல ஊர்களில் பாறைகளைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். வளைவின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிப்பு கூடலாம். எவ்வளவு என்று சொல்ல கரையை அளக்க வேண்டும். உங்கள் மாணவியின் ப்ராஜெக்ட் குழு எடுத்துக்கொண்ட முறை, எமரி என்ற அமெரிக்க நிலவியலாளர் 1961இல் எழுதிய எளிய முறை. ஒரே உயரமுள்ள, அளவு குறித்த இரண்டு கோல்கள், இடையே ஒரு கயிறு. ஒரு கோல் கரைப் பக்கம், இன்னொன்று கடல் பக்கம். கரைப் பக்கம் நிற்பவர், கடல் பக்கக் கோலின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து, அந்தக் கோடு தன் கோலில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். அதுதான் அந்த இடைவெளியில் மணல் தாழ்ந்திருக்கும் அளவு. அப்படியே கோல்களை நகர்த்தி நகர்த்தி நீர்விளிம்பு வரை போக வேண்டும். மழை மூடி அடிவானம் தெரியாத நாளில் இந்த முறை உதவாது.

இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கடல் பக்கக் கோல் ஈர மணலில் புதைந்தால், கரை உண்மையில் இருப்பதைவிட அதிகம் தாழ்ந்ததாகக் காட்டும். ஒரு முறைக்கு 2 செ.மீ. என்றால் பெரிதில்லை. ஆனால் பிழை ஒவ்வொரு நகர்த்தலிலும் சேர்ந்துகொண்டே போகும். ஈர மணலில் பத்துமுறை நகர்த்தினால் 20 செ.மீ. வந்துவிடும். மணல் போகாமலே, ஒரு பெரிய அலைநாளில் போனதுபோல வரைபடம் காட்டும். உங்கள் மாணவி அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில், கோலின் அடியில் ஒரு பலகைத் துண்டை ஆணியடித்து, ஒரே இடத்தைப் பலகையோடும் பலகையில்லாமலும் அளந்த இரண்டு வரிசை எண்களை அருகருகே கொடுத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தை இரண்டுமுறை படித்தேன். அதைப் பார்க்கும் எந்த ஆய்வாளருக்கும் இவளைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளத் தோன்றும்.

கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள், நான் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"இவருடைய இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நான் வழிகாட்டினேன். நால்வர் குழு. களத்தில் அளவெடுக்கும் பொறுப்பும் பிழை ஆய்வும் இவருடையவை. ஜூன் முதல் டிசம்பர் வரை, கடல் நன்றாக வற்றும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, தூண்டில் வளைவின் இருபுறமும் அளந்தார். ஜூலை அளவுகள் தனக்கு நம்பும்படியாக இல்லை என்று இவரே என்னிடம் வந்து சொன்னார். கோல் ஈர மணலில் புதைவதைச் சோதித்து உறுதிசெய்து, கோலைத் திருத்தினார். ஜூலை எண்களை வரைபடத்திலிருந்து நீக்கி, நீக்கியதற்கான காரணத்தைப் பின்னிணைப்பில் பதிவு செய்தார். அந்த எண்கள் அரிப்பை அதிகமாகக் காட்டின. அரிப்பால் பாதிக்கப்பட்டது இவருடைய சொந்த ஊர்."

இதில் 'நேர்மையானவர்' என்ற சொல் எங்கும் இல்லை, தேவையும் இல்லை. ஊரில் சிலர் வற்புறுத்திய செய்தியை நான் இதில் சேர்க்கவில்லை. அது அவள் சொல்லி நீங்கள் கேட்டது. சேர்க்க விரும்பினால் "என்னிடம் கூறினார்" என்று தெளிவாக எழுதுங்கள். நேரில் கண்டதையும் காதில் விழுந்ததையும் கலந்துவிட்டால் கண்டதன் மதிப்பும் குறைந்துவிடும். அவள் தானே வந்து சொன்னாள் என்று நான் எழுதியது உங்கள் ரிப்போர்ட் முன்னுரையை வைத்து. அப்படி நடக்கவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

நால்வர் குழு என்பதை மறைக்க வேண்டாம். ரிப்போர்ட் அட்டையில் நான்கு பெயர் இருக்கிறது, சேர்க்கைக் குழுவினரும் பார்ப்பார்கள். நம் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் குழுவாகத்தான் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் எதைச் செய்தார் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் கால் பங்கைத்தான் அவள் கணக்கில் வைப்பார்கள்.

அடுத்து, ஒப்பீடு. 'மிகச் சிறந்த மாணவி' என்றால் எத்தனை பேரில் என்ற கேள்வி உடனே வரும். நீங்கள் வழிகாட்டிய மாணவர்களை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். "ஆறு ஆண்டுகளில் 40 பேருக்கு வழிகாட்டியிருக்கிறேன். களவேலையில் இவர் முதல் மூவரில் ஒருவர், கணிதப் பகுப்பாய்வில் முதல் பத்துப் பேருக்குள்" என்பதுபோல, உங்கள் உண்மையான எண்களோடு எழுதுங்கள். கணிதத்தில் பத்துக்குள் என்று ஒப்புக்கொள்வதால் களவேலையில் மூவரில் ஒருவர் என்பதை நம்புவார்கள். பல பல்கலைக்கழகங்களின் இணையப் படிவத்தில் கட்டங்களும் இருக்கும்: அறிவுத்திறன், எழுத்து, பேச்சு, தன்முனைப்பு என்று. எல்லாவற்றிலும் உச்சக் கட்டத்தை டிக் செய்யாதீர்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், ஆங்கிலத்தில் பேசத் தயங்குவாள் என்றால் பேச்சில் ஒரு படி கீழே போடுங்கள். அவள் எழுத்து தெளிவாக இருக்கிறது, அதில் தாராளமாகப் போடலாம்.

அரியர் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. அதனால் பேசலாமா என்பதைவிட உங்களால் என்ன சேர்க்க முடியும் என்பதைப் பாருங்கள். எந்தத் தாளில், எந்தப் பருவத்தில் முடித்தாள், அதற்குப் பிறகு கணக்கு தேவைப்பட்ட பாடங்களில் என்ன வாங்கினாள் என்று ஒரே வாக்கியம் போதும். பின்னால் வந்த மதிப்பெண்கள் நன்றாக இல்லை என்றால், கடிதத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதுவதை நான் விரும்பவில்லை. அது அவளுடைய துயரம். சொல்வதா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும், சொல்வதென்றால் அவளுடைய கட்டுரையில்தான் அதற்கு இடம். உங்கள் வரைவின் கடைசியில் "குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு அன்புகூர்ந்து வாய்ப்பளிக்குமாறு" என்று இருக்கிறது. அதை அடியோடு எடுத்துவிடுங்கள். திறமைக்காகக் கேட்க வேண்டிய இடத்தை இரக்கத்துக்காகக் கேட்பதுபோல ஆகிவிடும். இவ்வளவு அளந்த பெண்ணுக்கு அது நியாயமில்லை. உதவித்தொகைப் படிவத்தில் குடும்ப வருமானம் கேட்பார்கள், அங்கே சான்றிதழோடு அவள் கொடுப்பாள்.

துறைத்தலைவர் சொன்ன வழி நம் ஊரில் பல கல்லூரிகளில் நடக்கிறது. மாணவர் எழுதுவார், ஆசிரியர் கையெழுத்திடுவார். இரண்டு ஆசிரியர்களின் கடிதங்களும் ஒரே நடையில், ஒரே சொற்றொடர்களோடு, மாணவரின் கட்டுரையைப் போலவே இருக்கும்போது படிப்பவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் மூன்றையுமே நம்பமாட்டார். தவிர, தன் பிழையைத் தானே கண்டுபிடித்ததை ஒரு மாணவி தன்னைப் பற்றி எழுத மாட்டாள். கூச்சப்படுவாள். ஆனால் அவளிடம் குறிப்புகள் கேளுங்கள்: கடைசித் தேதிகள், விண்ணப்பிக்கும் படிப்பின் பெயர், அவளுடைய கட்டுரை, மதிப்பெண் பட்டியல், களக் குறிப்பேட்டின் நகல். எழுதுவது மட்டும் நீங்கள்.

மற்றவை சிறிய விஷயங்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில், ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல், தேதியும் பதவியும் கையெழுத்தும் இருக்கட்டும். முதல் பத்தியில் அவளை எத்தனை ஆண்டாக, எந்தப் பாடங்கள் வழியாகத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். பதிவேற்றும் சுட்டி பெரும்பாலும் உங்கள் மின்னஞ்சலுக்கு நேராக வரும், அதனால் கல்லூரி முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரி என்றால் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள், சில இடங்களில் கல்லூரிக்கு எழுதிச் சரிபார்ப்பார்கள். சுட்டி ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவதும் உண்டு. அவள் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைச் சேர்த்த அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.

புதிய வரைவை அனுப்பினால் படித்துச் சொல்கிறேன். அந்தப் பலகைத் துண்டைப் பற்றி அவளிடம் ஒன்று கேட்க வேண்டும்: எவ்வளவு அகலம் என்று ரிப்போர்ட்டில் எழுதவில்லை. நேர்காணல் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள்.