கனவு கூடியதா, முழிப்பு கூடியதா?

கேள்வி: பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் சினிமா மாதிரி கனவு வருகிறது. தண்ணி அடித்த அன்றும், லேட்டாகப் பரோட்டா சாப்பிட்ட அன்றும் இதே கதைதான். மூன்றுக்கும் காரணம் ஒன்றா?

இல்லை, மூன்றும் வேறு வேறு வழியில் வருபவை. நான் தூக்க ஆய்வகத்தில் ராத்திரி ஷிப்ட் டெக்னீஷியன். தலையில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஸ்கிரீனில் ஓடும் கோடுகளை 30 வினாடித் துண்டுகளாகப் பார்த்துக் குறிப்பது வேலை. திடீரென்று கண் கோடு அங்குமிங்கும் துள்ளும், தாடைத் தசையின் கோடு படுத்துவிடும். அதுதான் ரெம் உறக்கம். அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் அதில்தான். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடியப்போகும் நேரத்தில் நீளமாக வரும்.

அந்த நேரத்தில் விழித்து, சில நிமிடம் விழித்தே கிடந்தால்தான் கனவு மனதில் தங்கும். விழிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டால் பெரும்பாலும் தடம் தெரியாமல் போய்விடும். "எனக்குக் கனவே வராது சார்" என்று சொல்லிவிட்டுப் படுப்பவரின் கோடுகளிலும் ரெம் நன்றாகவே ஓடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கனவு கூடியதா அல்லது முழிப்பு கூடியதா என்பதை.

பரோட்டா விஷயம் பெரும்பாலும் முழிப்புதான். பத்தரைக்குச் சால்னாவோடு நாலு பரோட்டா, பதினொன்றுக்குப் படுக்கை என்றால், வயிறு காலியாகும் முன்பே உடம்பு கிடைநிலைக்கு வந்துவிடுகிறது. அமிலம் மேலே ஏறும், தூக்கம் துண்டு துண்டாக உடையும். உடையும் இடம் ரெம்மாக இருந்தால் கனவு கையும் களவுமாக மாட்டும். விழிக்கும்போது நெஞ்சு எரிச்சலோ தொண்டையில் புளிப்போ இருந்தால் சந்தேகமே வேண்டாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

சரக்கு வேறு கணக்கு. போதை இருக்கும்வரை அது ரெம்மை அமுக்கி வைக்கும், இறங்கிய பிறகு அமுக்கியது பொங்கி வரும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து இரண்டு லார்ஜ் என்று வையுங்கள். 60 மில்லி லார்ஜ், 42.8 சதவீத விஸ்கி என்றால் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால், மொத்தம் 40. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். ஆக ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் ரத்தம் சுத்தம். முன்ராத்திரி கட்டை மாதிரித் தூக்கம். அதற்குப் பிறகு ரெம் நெருக்கியடித்து வரும், போதாததற்கு முழிப்பும் வரும். இங்கே கனவும் கூடுகிறது, நினைவும் கூடுகிறது. குடித்த அன்று உங்கள் கனவு மூன்று மணிக்கு மேல்தான் வருகிறதா என்று கவனியுங்கள்.

மாத்திரைக்கு என் சித்தப்பா கதையே போதும். மெட்டோபுரோலால் 50 மில்லிகிராம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு வாரத்தில், செத்துப்போன மாடு பேசுகிறது, கிணற்றில் விழுகிறேன் என்று தினம் ஒரு படம். "கண்ட நேரத்துல சாப்பிட்டா இப்படித்தான்" என்று சித்தி. நான் ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிட்ட நேரம், குடித்த அளவு, விழித்த நேரம் எழுதச் சொன்னேன். ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டு, சொட்டுகூடத் தொடாத ராத்திரிகளிலும் கனவு அப்படியே வந்திருந்தது. அப்போதுதான் மாத்திரைமேல் கண் போனது.

மெட்டோபுரோலால், புரோப்ரனலால் இரண்டும் கொழுப்பில் கரைபவை, மூளைக்குள் சுலபமாக நுழையும். அட்டெனலால் தண்ணீரில் கரைவது, நுழைவது குறைவு. டாக்டர் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் அட்டெனலாலுக்கு மாற்றினார், ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறும், சிறுநீரகம் மந்தமாக இருந்தால் உடம்பில் தேங்கும். மாடு பேசுவதை நிறுத்திவிட்டது. எல்லா பிரஷர் மாத்திரையும் இந்த இனம் இல்லை. உங்கள் அட்டையில் பெயர் '-லால்' என்று முடிந்தால் மட்டும் இந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். மனச்சோர்வு மாத்திரைகளிலும் இதே எச்சரிக்கை. அவற்றில் பலவும் ரெம்மை அமுக்குபவை, திடீரென்று விட்டால் கனவு வெள்ளமாக வரும்.

இன்னொன்று, பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கனவில் கத்தி, கை ஓங்கி, காலால் உதைக்கிறீர்கள் என்று சொன்னால் அது இந்தக் கணக்கில் வராது. ரெம்மில் தளர வேண்டிய தசை தளரவில்லை என்று அர்த்தம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை கட்டிலை விட்டுத் தரையில் படுங்கள்.