பத்து லட்சம் கட்டியும் பாக்கி ஏன் அசையவில்லை?

*ஐயா, ஒத்தக்கடையில் வீடு கட்ட 20 லட்சம் கடன் வாங்கினோம். நிலையான வட்டி 9 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 17,995 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டோம். இப்போது 17 லட்சத்து 74 ஆயிரம் பாக்கி என்கிறார்கள். வங்கியில் ஏமாற்றுகிறார்கள் என்று என் கணவர் சண்டைக்குக் கிளம்புகிறார். உண்மை என்ன? அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.*
– ஒரு வாசகி, ஒத்தக்கடை

கணவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள், கணக்கு சரிதான். வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் ஒரு கிராஃப் தாள் வாங்கிக்கொள்ளுங்கள், படமாகவே போட்டுக் காட்டிவிடலாம்.

தாளைப் படுக்கவைத்து, கீழ்க்கோட்டில் ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று 20 வரை குறியுங்கள். நிமிர்ந்த கோட்டில் 2 லட்சத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அப்படியானால் 20 லட்சம் 10-வது சென்டிமீட்டரில் நிற்கும். அங்கிருந்து 20-வது வருடத்தின் பூஜ்யத்துக்கு ஸ்கேல் வைத்து பென்சிலால் நேர்கோடு போடுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் குறைய வேண்டும் என்று உங்கள் கணவர் மனதில் வைத்திருக்கும் கோடு அதுதான்.

இனி நிஜக் கோடு. முதல் மாதம் 20 லட்சத்துக்கு வட்டி 15,000. நீங்கள் கட்டிய 17,995-இல் அது போக 2,995 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி 14,978-ஆகக் குறைந்து, அசலுக்கு 3,017 போகிறது. வெறும் 22 ரூபாய் கூடுதல்! எல்லாம் இந்த 22 ரூபாயில்தான் இருக்கிறது. தவணை மாறாது. பாக்கி குறையக் குறைய வட்டி இறங்கும், இறங்கியது அசலுக்குப் போகும். அசலின் பங்கு வட்டியைத் தாண்டுவதற்கே 12 வருடத்துக்கு மேல் ஆகிவிடும்.

240 மாதத்தையும் கையால் போட வேண்டாம். எக்செல்லில் B2-வில் 2000000 என்று போட்டு, B3-யில் இதை எழுதி B242 வரை இழுத்துவிடுங்கள்:

```
=B2-(17995-B2*0.09/12)
```

கடைசியில் சில நூறு ரூபாய் மைனஸில் வரும். தவணையை முழு ரூபாயாக்கியதால் வருவது அது.

வருட முடிவுப் பாக்கிகளை மட்டும் எடுத்துத் தாளில் புள்ளி வையுங்கள். முதல் வருட முடிவில் 19.63 லட்சம், அதாவது கோடு 2 மில்லிமீட்டர்கூட முழுசாக இறங்கியிருக்காது. ஐந்தாம் வருடம் 17.74, பத்தாம் வருடம் 14.2. பாதிக் கடன் அடைவது 14-வது வருடத்தில்தான். மீதிப் பாதி ஆறே வருடத்தில் தீரும், கடைசி வருடம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். புள்ளிகளை இணைத்துவிட்டு வாசலுக்கு வந்து யானைமலையைப் பாருங்கள். முதுகு நெடுக மெல்லச் சரிந்து தலைப்பக்கம் சட்டென்று இறங்குகிறதே, ஏறக்குறைய அதுதான் உங்கள் கடன்.

எக்செல்லிலேயே படம் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. முதல் ஐந்து வருடத்தை மட்டும் கொடுத்தால், நிமிர்ந்த கோட்டை அது பூஜ்யத்தில் தொடங்காமல் மேலே எங்கோ தொடங்கிவிடும். கடன் கிடுகிடுவென்று விழுவதுபோலத் தெரியும். அதைப் பூஜ்யத்துக்கு மாற்றிவிட்டுக் கணவரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் சண்டை வலுத்துவிடும்.

அப்புறம், வங்கி தரும் கணக்கு அறிக்கையில் உள்ள பாக்கியையும் வருடாவருடம் சிவப்புப் பேனாவில் அதே தாளில் வையுங்கள். உங்கள் கோட்டின் மேலேயே விழுந்தால் சரி. அதற்கு மேலே விழுந்தால் தவணை தாமதமாகி அபராதம் ஏறியிருக்கலாம், காப்பீட்டுத் தொகையைக் கடனில் சேர்த்திருக்கலாம். சண்டைக்குப் போக வேண்டியது அப்போதுதான்.

கோட்டைச் சீக்கிரம் இறக்க வழி உண்டு. கையில் 2 லட்சம் இருந்து இப்போதே அசலில் கட்டினால், அந்த இடத்தில் கோடு ஒரு சென்டிமீட்டர் செங்குத்தாக விழும். பழைய தவணையையே கட்டிவந்தால் 20-வது வருடத்துக்குப் பதில் 17-வது வருடம் முடிவதற்குள் தரையைத் தொடும். 37 தவணை மிச்சம், 2 லட்சம் போக நாலரை லட்சத்துக்கு மேல் லாபம். அதே 2 லட்சத்தைப் பதினைந்தாம் வருடத்தில் கட்டினால் இந்த அளவு கிடைக்காது, வட்டி ஓட மிச்சக்காலம் அப்போது கொஞ்சம்தானே. உங்களுடையது நிலையான வட்டி என்பதால், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டும்போது, "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். சொல்லாமல் விட்டால் தவணையைக் குறைத்துவிட்டு 20 வருடத்தை அப்படியே வைத்துவிடுவதும் உண்டு.