அளவு ஒத்துவராத மூன்று வன்தட்டுகள்: மிரரா, பாரிட்டியா?

கேள்வி: கிளிநொச்சியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணப் படங்கள் 1.5 டெராபைட் அளவுக்கு ஒரு 2 டெராபைட் வன்தட்டில் உள்ளன. புதிதாக 4 டெராபைட் தட்டுகள் இரண்டு வாங்கினேன். மூன்றையும் விண்டோஸ் ஸ்டோரேஜ் ஸ்பேஸஸில் சேர்த்தால் பாரிட்டிதான் இடத்தை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். கரண்ட் அடிக்கடி போகிற இடம். எதைத் தெரிவு செய்வது?

பதில்: தரவை இரு தட்டுகளில் இரு பிரதிகளாக வைக்கும் மிரரைத் தெரிவு செய்யுங்கள். பாரிட்டி இடத்தை மிச்சப்படுத்தும் என்பது ஒரே அளவுள்ள தட்டுகளுக்குப் பொருந்தும் கணக்கு. உங்களிடம் உள்ள மூன்றுக்கும் அது தலைகீழாகிவிடுகிறது.

ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் முழுத் தட்டுகளைச் சோடி சேர்ப்பதில்லை. இடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எந்தெந்தத் தட்டில் வைப்பது என்று தனித்தனியே தீர்மானிக்கிறது. இருவழி மிரரில் ஒரு துண்டின் இரு பிரதிகளும் வெவ்வேறு தட்டுகளில் இருந்தால் போதும். ஆகவே 3 டெராபைட் தரவை இரண்டு பெரிய தட்டுகளும் தமக்குள் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொரு பெரிய தட்டிலும் மிஞ்சும் 1 டெராபைட் சிறிய தட்டோடு சோடி சேர, மொத்தம் 5 டெராபைட் கிடைக்கிறது. பாரிட்டியோ ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று தட்டுகளையும் கேட்கும்: இரண்டில் தரவு, ஒன்றில் அதை மீட்கும் கணக்கு. சிறிய தட்டு 2 டெராபைட்டில் நிரம்பியவுடன் மூன்றாவது இடம் இல்லாமல் போய்விடும். அப்போது கைக்கு வந்திருப்பது 4 டெராபைட். பெரிய தட்டுகளில் எஞ்சிய இடம் பாரிட்டிக்கு உதவாது. (விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் இந்த 5, திரையில் ஏறத்தாழ 4.5 என்றே தெரியும்.)

எழுதும் வேகம் அடுத்த காரணம். பாரிட்டியில் ஒரு வரிசையின் ஒரு பகுதி மட்டும் மாறினாலும் பழையதை வாசித்து, கணக்கை மறுபடி போட்டு, இரண்டையும் எழுத வேண்டும். வழமையான அமைப்பில் நகலெடுத்தல் முதலில் விரைவாக ஓடுவதுபோலத் தோன்றும். தற்காலிக நினைவகம் நிரம்பியதும் வேகத்தைக் காட்டும் வரைகோடு சட்டென விழுந்து அங்கேயே படுத்துவிடும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும் உங்கள் 1.5 டெராபைட், 30 மெகாபைட்டாக விழுந்தால் 14 மணித்தியாலம் இழுக்கும். மின்தடை உள்ள ஊரில் அத்தனை நேரம் எழுதிக்கொண்டிருப்பதே ஆபத்து. இரு முறைகளிலும் மின்சாரம் திரும்பியபின் அமைப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அந்தக் கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புக்கு உத்தரவாதமில்லை. யூபிஎஸ் அவசியம்.

அமைக்கும் ஒழுங்கு முக்கியம், ஏனெனில் பூல் எனப்படும் தட்டுத் தொகுப்பில் சேரும் தட்டு முற்றாக அழிக்கப்படும். பாரிட்டி தொடக்கத்திலேயே மூன்று வெற்றுத் தட்டுகளைக் கேட்கும். படங்களை வேறெங்கோ நகர்த்தாமல் அதை ஆரம்பிக்க முடியாது. மிரருக்கு இரண்டு போதும். முதலில் படங்களை ஒரு வெளித்தட்டில் நகலெடுங்கள். பின்னர் `Manage Storage Spaces` என்று தேடித் திறந்து, `Create a new pool and storage space` வழியாகப் புதிய தட்டுகள் இரண்டை மட்டும் குறியிட்டு, `Two-way mirror` என்பதைத் தெரியுங்கள். அளவுப் பெட்டியில் உண்மையில் உள்ளதைவிடக் கூடிய எண்ணையும் இது ஏற்கும், அதில் மயங்காதீர்கள்: பூல் நிரம்பினால் அந்த டிரைவ் இயக்கத்திலிருந்தே விலகிவிடக்கூடும். படங்களை அங்கே மாற்றிச் சிலவற்றைத் திறந்து பார்த்தபின் `Add drives` மூலம் பழைய தட்டைச் சேருங்கள். அப்போது தோன்றும் `Optimize drive usage` என்பதையும் குறியிடுங்கள். இல்லாவிட்டால் பழைய தரவு இரு பெரிய தட்டுகளிலேயே தங்கிவிடும். பின்னர் `Change` மூலம் அளவைக் கூட்டலாம்.

மூன்று தட்டுகள் இருப்பதால் இரண்டு பழுதானாலும் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். மிரரும் சரி, பாரிட்டியும் சரி, ஒரு தட்டின் இழப்பையே தாங்கும். பழுதானதும் அதே பக்கத்தில் `Reduced resiliency` என்ற எச்சரிக்கை வரும். படங்கள் வழக்கம்போலத் திறப்பதால் பலர் அதைக் கவனிப்பதேயில்லை. நிலையை அறிய நிர்வாகி உரிமையுடன் திறந்த பவர்ஷெல்லில் இதைக் கொடுங்கள்:

```
Get-VirtualDisk
Get-PhysicalDisk
```

இரண்டிலும் `HealthStatus` என்ற நிரலில் `Healthy` என்று இருக்க வேண்டும். பெரிய தட்டு ஒன்று போனால், மிஞ்சும் 4, 2 ஆகிய தட்டுகளால் 2 டெராபைட் தரவை இரு பிரதிகளாக வைத்திருக்க முடியும். எனவே உங்கள் 1.5 டெராபைட்டுக்குப் புதிய தட்டு வாங்கும் முன்னரே பாதுகாப்பு மீள வழியுண்டு. மூன்று தட்டுப் பாரிட்டியிலோ மாற்றுத் தட்டு வந்து சேரும்வரை எதுவும் நடக்காது. வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்து அது வரும் நாட்களில் இன்னொன்று போனால் அனைத்தும் போய்விடும்.

தவறுதலாக அழித்த கோப்பு இரு பிரதிகளிலும் ஒரே நேரத்தில் அழியும், மின்னல் தாக்கினால் தட்டுகளும் ஒன்றாகவே போகக்கூடும். ஆகவே முதலில் எடுத்த வெளித்தட்டை அழிக்காமல், புதிய படங்களையும் அவ்வப்போது சேர்த்து, ஸ்டூடியோவில் அல்லாமல் வீட்டில் வைத்திருங்கள்.